ஓர் அங்குலத்துக்கு ஓர் அடி

வேலூர்ப் பக்கம் ஓர் அரசு அலுவலகம். எது என்பது இங்கே முக்கியமில்லை, இதே மாதிரி நாலைந்து உங்களுக்கே தெரிந்திருக்கும். வாசலில் ஐந்து படி. படிக்குப் பக்கத்தில் சிமெண்டில் ஒரு சரிவு, அதன் மேல் நீல பெயிண்டில் சக்கர நாற்காலிப் படம். சொத்து வரியில் பெயர் மாற்றுவதற்காக நண்பர் ஒருவருடன் போயிருந்தேன். முதுகுத்தண்டில் அடிபட்டதிலிருந்து அவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. கையால் தள்ளிக்கொள்ளும் சக்கர நாற்காலியில்தான் போக்குவரத்து. சரிவின் அடியில் நின்று மேலே ஒருமுறை பார்த்தார். "இது எனக்குப் போட்டது இல்ல ணா, பைக் ஏத்தறதுக்குப் போட்டது" என்றார். மேலே மேடையில் இரண்டு பைக் நின்றுகொண்டிருந்தன.

உள்ளே இருந்த ஊழியர் நல்ல மனிதர். பதிவேட்டையும் மைப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு வெளியே வேப்பமரத்தடிக்கே வந்தார். வீட்டு எண், அப்பா இறந்த தேதி, அண்ணன் தம்பிக்குள் பாகம் பிரித்த விவரம் எல்லாவற்றையும் டீ குடிக்க வந்தவர்கள் காதில் விழும்படி கேட்டு எழுதிக்கொண்டார். கையெழுத்து வாங்கினார். வேலை முடிந்தது. நண்பர் நன்றி சொன்னார், ஆனால் வழியெல்லாம் பேசவில்லை.

அடுத்த வாரம் டேப்பை எடுத்துக்கொண்டு நான் மட்டும் போனேன். கட்டட வேலையில் கொஞ்ச நாள் இருந்தவன் என்பதால் அளந்து பார்க்காமல் எதையும் சொல்ல மனம் வராது. படி ஒவ்வொன்றும் 6 அங்குலம், ஐந்து படிக்கு 30 அங்குலம். சரிவு தரையில் பிடித்திருந்த நீளம் 8 அடி. இந்த இரண்டு எண்ணும் போதும்.

இந்தியாவில் பொதுக் கட்டடங்களுக்கு வைத்திருக்கும் தர அளவின்படி சாய்தளம் 1-க்கு 12 என்ற சரிவைத் தாண்டக்கூடாது. மேஸ்திரி கணக்கில் சொன்னால் இன்னும் சுலபம்: ஓர் அங்குலம் ஏற ஓர் அடி நீளம் வேண்டும். 30 அங்குலம் ஏற 30 அடி வேண்டும். போட்டிருந்ததோ 8 அடி. அதாவது 1-க்கு 3.2. கோணமாகச் சொன்னால், 5 டிகிரிக்குள் இருக்க வேண்டிய சரிவு 17 டிகிரியில் நின்றது.

எண்ணாகப் பார்க்கும்போது இது பெரிதாகத் தெரியாது. நண்பரும் நாற்காலியும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 1-க்கு 12 சரிவில் அவர் தன் கையால் தாங்க வேண்டிய எடை ஆறரை கிலோ சொச்சம். இந்தச் சரிவில் அது 24 கிலோ. சக்கரத்தை ஒருமுறை தள்ளிவிட்டு அடுத்த பிடி பிடிப்பதற்குள் நாற்காலி பின்னால் உருளும். அவ்வளவு செங்குத்தில் முன்சக்கரம் தரையை விட்டுத் தூக்கிக்கொண்டு ஆளோடு பின்பக்கம் கவிழவும் செய்யும். பின்னாலிருந்து ஒருவர் தள்ளினாலும் இறங்கும்போது நிலைமை இன்னும் மோசம். இப்படி ஒரு சரிவு இருப்பதைவிட இல்லாமல் இருப்பது நல்லது என்றுகூடச் சொல்வேன். இல்லையென்றால் 'இல்லை' என்றாவது கணக்கில் வரும். இருப்பதால் ஆய்வுப் படிவத்தில் 'சாய்தளம் உள்ளதா?' என்ற கேள்விக்கு 'ஆம்' என்று டிக் விழுந்துவிடுகிறது.

சட்டம் இந்த டிக்கோடு நின்றுவிடவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 நடைமுறைக்கு வந்தது 2017 ஏப்ரலில். அதற்கு முன்பிருந்த 1995-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் சாய்தளம், கழிப்பறை பற்றியெல்லாம் பேச்சு இருந்தது. ஆனால் 'பொருளாதார வசதிக்கு உட்பட்டு' என்ற சொற்களும் கூடவே இருந்தன. வசதி இல்லை என்று ஒரு வரி எழுதினால் கோப்பு மூடிக்கொள்ளும். 2016 சட்டம் கட்டடங்களைப் பற்றிய பிரிவுகளில் அந்தச் சொற்களைக் கைவிட்டுவிட்டது.

மூன்று பிரிவுகளை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். 44-ஆவது பிரிவு புதுக் கட்டடங்களுக்கு: வரைபடம் அணுகல் விதிகளுக்கு ஒத்துவராவிட்டால் கட்ட அனுமதி தரக்கூடாது, கட்டி முடித்தது ஒத்துவராவிட்டால் நிறைவுச் சான்று தரக்கூடாது, குடியேறவும் விடக்கூடாது. 45-ஆவது பிரிவு பழைய பொதுக் கட்டடங்களுக்கு: விதிகள் அறிவிக்கப்பட்டதிலிருந்து 5 ஆண்டுக்குள் சரிசெய்ய வேண்டும். 46-ஆவது பிரிவு சேவைகளுக்கு: 2 ஆண்டு. விதிகள் வந்தது 2017 ஜூனில். ஆக, சேவைகளுக்கான கெடு 2019 ஜூனிலும் கட்டடங்களுக்கான கெடு 2022 ஜூனிலும் முடிந்துவிட்டன. கட்டடங்களுக்கு மாநிலம் கேட்டால் மத்திய அரசு அதன் ஆயத்த நிலையைப் பார்த்து நீட்டிப்பு தரலாம் என்று ஒரு வழி இருக்கிறது. அலுவலகம் தானாக நீட்டித்துக்கொள்ள வழியில்லை. 'பொதுக் கட்டடம்' என்ற சொல்லும் அரசுக் கட்டடத்தை மட்டும் குறிக்கவில்லை; பொதுமக்கள் வந்துபோகும் தனியார் கட்டடமும் அதில் அடக்கம்.

மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி ஆகியவற்றுக்கு இதில் இரண்டு வேடம். மற்றவர்கள் கட்டும் கல்யாண மண்டபத்துக்கும் கிளினிக்குக்கும் வரைபட அனுமதி தருமிடம் அவை. அதே சமயம் சொந்தமாக அலுவலகம், நலவாழ்வு மையம், சமுதாயக் கூடம், பேருந்து நிலையம், கழிப்பறை எல்லாம் கட்டி வைத்திருக்கும் உரிமையாளரும் அவையே. தனியார் வரைபடத்தைப் பார்க்கும் பொறியாளர் சாய்தளத்துக்குச் சிவப்பு மையில் வட்டம் போடுகிறார். சொந்தக் கட்டடத்துக்கு யார் வட்டம் போடுவது என்பதில்தான் சிக்கல். அரசுக் கட்டடம் திறப்பு விழா தேதியை வைத்து முடிக்கப்படுகிறது, நிறைவுச் சான்றை வைத்து அல்ல.

இப்போது 2024-க்கு வருவோம், ஏனென்றால் இங்கேதான் பலருக்குக் குழப்பம். 2017 விதிகளில் 15-ஆவது விதி, மத்திய நகர்ப்புற அமைச்சகத்தின் ஒருங்கிணைந்த வழிகாட்டுதல்களைத் தர அளவாக வைத்துக்கொள்ளச் சொன்னது. 2016-இல் வந்து 2021-இல் திருத்தப்பட்ட ஆவணம் அது. பிரச்சினை என்னவென்றால், அந்த வழிகாட்டுதல் 'செய்யலாம்', 'செய்வது நல்லது' என்ற நடையிலேயே பல இடங்களில் பேசுகிறது. சட்டமோ 'செய்ய வேண்டும்' என்கிறது. ராஜீவ் ரதூரி என்ற பார்வையற்றவர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று இதைத் தொட்டது. கட்டாயமாக இருக்க வேண்டியதை விருப்பமாக மாற்றிய அந்த விதி சட்டத்துக்கு முரண் என்று ரத்து செய்தது. கட்டாய விதிகளைத் தனியே பிரித்து மூன்று மாதத்தில் வகுக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. அப்படி வகுத்த பிறகு நிறைவுச் சான்றை நிறுத்துவது, அபராதம் போடுவது எல்லாம் நடக்க வேண்டும் என்றும் சொன்னது.

இதைக் கேள்விப்பட்ட ஓர் ஒப்பந்ததாரர் என்னிடம், "அந்த ரூலையே கோர்ட்ல தள்ளிட்டாங்களே சார், இப்ப ஏது கணக்கு?" என்றார். தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறார். விதி போதிய அளவு கடுமையாக இல்லை என்பதற்காகத்தான் அது விழுந்தது. 44, 45, 46 பிரிவுகள் அப்படியே நிற்கின்றன. தமிழ்நாட்டில் 2019 முதல் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் தனியே இருக்கின்றன. மாற்றுத்திறனாளிகளுக்கான வசதிகள் அவற்றிலும் உண்டு, வரைபட அனுமதி அவற்றின்படிதான் வருகிறது. 1-க்கு 12 என்ற அளவோ டெல்லியிலோ சென்னையிலோ யாரோ நினைத்துப் போட்டதல்ல. ஆளின் கைவலுவிலிருந்து வந்த அளவு அது. கோர்ட் தீர்ப்பால் மாறாது.

சரி, அந்த அலுவலகத்துக்குத் திரும்புவோம். முதலில் கேட்டபோது வந்த பதில், "30 அடிக்கு எங்க சார் இடம்?" என்பது. கேட்கும்போது நியாயமாகத்தான் பட்டது. வாசலிலிருந்து சுற்றுச்சுவர் வரை மொத்தம் 20 அடிதான். நேராக இறக்கினால் சரிவு ரோட்டுக்குப் போய்விடும்.

ஆனால் சாய்தளம் நேராகத்தான் இறங்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. கட்டட முகப்பு 46 அடி. நடுவில் 6 அடி அகலத்துக்குப் படி. படி ஏறியதும் கதவுக்கு முன்னால் 5 அடி ஆழத்தில் ஒரு மேடை. அந்த மேடையிலிருந்து படிகள் இன்னும் 4 அடி முன்னால் இறங்குகின்றன. அதாவது படிக்கட்டே சுவரிலிருந்து 9 அடியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. படிக்கு இருபுறமும் பக்கத்துக்கு 20 அடி சுவர் சும்மா கிடக்கிறது.

இடப்பக்கத்து 20 அடியை எடுத்துக்கொள்ளுங்கள். படியின் அடியிலிருந்து புறப்பட்டு, சுவருக்கு இணையாக, 15 அடி போகிறோம். 15 அங்குலம் ஏறியாயிற்று. அங்கே 5 அடிக்கு ஒரு சமதளம். நாற்காலி முழுதாகத் திரும்ப 1500 மில்லிமீட்டர், ஏறக்குறைய 5 அடி, வேண்டும். அங்கே மூச்சு வாங்கித் திரும்பி, சுவரை ஒட்டி இன்னொரு 15 அடி வருகிறோம்; மீதி 15 அங்குலமும் ஏறி மேடையின் பக்கவாட்டில் போய்ச் சேர்கிறோம். ஒவ்வொரு தடமும் 4 அடி அகலம். இரண்டு தடம், நடுவிலும் ஓரத்திலும் கட்டை, எல்லாம் சேர்ந்து 9 அடிக்குள் அடங்கும். படிக்கட்டு ஏற்கெனவே பிடித்திருக்கும் ஆழத்தைவிட ஓர் அடி கூட முன்னால் வராது. இடம் இல்லை என்று சொன்ன இடத்தில் அப்போது இருந்தது ஊழியர்களின் பைக் நிறுத்தம்.

இதில் மேஸ்திரிகள் தவறவிடும் சில சின்ன விஷயங்கள் உண்டு. ஓரத்தில் தாழ்வான ஒரு கட்டை இல்லையென்றால் முன்சக்கரமோ ஊன்றுகோல் நுனியோ நழுவி வெளியே போகும். கைப்பிடி இரண்டு உயரத்தில் வேண்டும், 760 மில்லிமீட்டரில் ஒன்று, 900-இல் ஒன்று. சரிவு முடிந்த பிறகும் 300 மில்லிமீட்டர் நீள வேண்டும், ஏனென்றால் விழுவது பெரும்பாலும் அந்தக் கடைசி அடியில். பளபளவென்று வழுக்கும் டைல்ஸ் ஒட்டுவதைப் பெருமையாக நினைக்கிறார்கள். முதல் மழையில் தெரியும். சீப்புக் கோடு போட்ட சிமெண்டே போதும். அப்புறம் எங்கள் ஊர் வெயில். கத்திரியில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் கிழக்கு மேற்காக வெட்டவெளியில் எவர்சில்வர் கைப்பிடி போட்டால் பதினொரு மணிக்கு மேல் அதைத் தொட முடியாது. மேலே ஒரு தகரக் கூரை இழுத்துவிட வேண்டும். இது எந்த வழிகாட்டுதலிலும் பார்த்து எழுதியதல்ல, கை சுட்டுக்கொண்டதால் எழுதுகிறேன்.

படியை இடித்துவிட்டுச் சாய்தளம் மட்டும் போடுகிற ஆர்வக்கோளாறும் உண்டு. ஊன்றுகோலில் நடப்பவர்கள், மூட்டு தேய்ந்த பெரியவர்கள் பலருக்கு 30 அடி சரிவைவிடக் கைப்பிடி வைத்த ஐந்து படியே சுலபம். இரண்டும் இருக்க வேண்டும்.

சரிவின் அடிமுனையையும் பார்க்காமல் விடக்கூடாது. நம் தெருக்களில் ரோட்டுக்கும் வாசலுக்கும் நடுவே சாக்கடைக் கால்வாய், அதன் மேல் சிலாப். இரண்டு சிலாப்புக்கு நடுவே நாலு விரல் இடைவெளி விட்டால் முன்சக்கரம் அதில் உட்கார்ந்துகொள்ளும். பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே புது ரோடு போட்டால் சரிவின் முனை பள்ளத்துக்குப் போய்த் தண்ணீர் தேங்கும். நிறுத்தியிருந்த பைக்கை நகர்த்தாமல் அதோடு சேர்த்தே சிமெண்ட் ரோடு போட்டு 2022-இல் செய்தியில் அடிபட்ட ஊர் எங்களுடையது. ரோட்டு மட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் கவலைப்பட எங்களுக்குக் காரணம் இருக்கிறது.

மேடை ஏறியாயிற்று என்று வைத்துக்கொள்வோம். கதவு இரட்டைக் கதவு, நிலை மூன்றரை அடி. ஆனால் ஒரு கதவைத் தாழ்ப்பாள் போட்டே வைத்திருக்கிறார்கள். திறந்திருப்பது 20 அங்குலம். நாற்காலியின் அகலம் 25 அங்குலத்துக்கு மேல். தடையின்றி 900 மில்லிமீட்டர் வேண்டும் என்பது அளவு. இதற்கு மதிப்பீடும் டெண்டரும் தேவையில்லை, அந்தத் தாழ்ப்பாளைத் திறந்தால் போதும். உள்ளே கருங்கல் மேசை 42 அங்குல உயரம். நாற்காலியில் இருப்பவருக்கு ஊழியரின் முகம் தெரியாது, ஊழியருக்கு இவர் வந்திருப்பதே தெரியாது. ஒரு மூலையில் மூன்றடி நீளத்துக்காவது 30 அங்குலமாக இறக்கி, முழங்கால் நுழைய அடியில் இடம் விட வேண்டும். கழிப்பறையைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. பூட்டியிருந்தது. சாவி கேட்டுத் திறந்தால் பழைய ஓட்டுப்பெட்டியும் கொசு மருந்து அடிக்கும் மெஷினும் இருந்தன.

கை என்று வரும்போது எங்கள் மாவட்டத்துக்கு என்று ஒரு கதை உண்டு. 1940-களின் கடைசியில் பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்த ஆரம்பித்தார். பக்கத்தில் கரிகிரியில் அதற்கென்றே ஒரு பெரிய மருத்துவமனை வளர்ந்தது. 1954-இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த மேரி வர்கீஸ், நாற்காலியில் உட்கார்ந்தபடியே அந்தக் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு 1966-இல் பாகாயத்தில் தொடங்கிய மறுவாழ்வு மையம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. நாட்டின் பல பக்கங்களிலிருந்தும் நாற்காலியில் வாழக் கற்றுக்கொள்ள ஆட்கள் இந்த ஊருக்கு வருகிறார்கள்.

2016 சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் தொழுநோயிலிருந்து குணமானவர்களும் ஒரு வகை. இவர்களுக்குச் சாய்தளம் தேவைப்படாமல் இருக்கலாம். ஆனால் உருண்டைக் கைப்பிடிக் கதவைத் திருக முடியாது. நெம்புகோல் மாதிரி நீண்ட கைப்பிடியாக இருந்தால் முழங்கையாலேயே அழுத்தித் திறந்துவிடுவார்கள். விரல்ரேகை வைக்கும் மெஷின் இன்னொரு சுவர். ரேகை தேய்ந்துபோன விரலை அது படிக்காது. நான்கு தடவை துடைத்துத் துடைத்து வைக்கச் சொல்வார்கள், பின்னால் வரிசை முணுமுணுக்கும். இது கட்டடக் குறை அல்ல, சேவைக் குறை. 46-ஆவது பிரிவின் கீழ் வருவது இதுதான். கருவிழி பதிக்கும் கருவி, அதுவும் இல்லையென்றால் அடையாள அட்டையைப் பார்த்துக் கையேட்டில் பதிவது, அல்லது அவர் சார்பில் வர ஒருவரை முன்கூட்டியே பதிந்து வைப்பது என்று மாற்று வழி ஏதாவது ஒன்று நடைமுறையில் இருக்க வேண்டும். அந்த வழி இருப்பது மெஷின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிந்திருக்கவும் வேண்டும். ரேஷன் பொருளை மாற்றுத்திறனாளிகள் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியபோது இந்தச் சிக்கலில் ஒரு பகுதி குறைந்தது. ஆனால் வீட்டுக்கே கொடுத்துவிட்டோமே என்பதற்காகக் கடைவாசல் படியை அப்படியே விட்டுவிடலாம் என்று ஆகாது.

கட்டடம், சேவை இரண்டுக்கும் அடுத்து, மூன்றாவதாகத் தகவல். கட்டடத்தைவிட இதில் செலவு குறைவு, அலட்சியம் அதிகம்.

ஊராட்சியில் கிராம சபை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று ஆண்டுக்குக் குறிப்பிட்ட நாட்களில் கூடும். அழைப்பு எப்படி வரும்? ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்வார்கள், அலுவலகச் சுவரில் நோட்டீஸ் ஒட்டுவார்கள். காது கேளாதவருக்கு மைக் பயனில்லை, பார்வையற்றவருக்கு நோட்டீஸ் பயனில்லை. இரண்டையும் செய்தாலே பாதி தீர்ந்தது; பல இடத்தில் ஏதோ ஒன்றுதான் நடக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் அனுப்பிவிட்டோமே என்பார்கள். என்ன அனுப்பினார்கள் என்று பார்த்தால், சீல் குத்தி, கையெழுத்துப் போட்டு, செல்போனில் படம் பிடித்த ஒரு தாள். கண் உள்ளவருக்கு அது கடிதம். திரையை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருள் வைத்திருக்கும் பார்வையற்றவருக்கு அது வெறும் 'படம்'. ஒரு சொல் கூட வராது.

தட்டச்சு செய்த கோப்பாகவே அனுப்பினாலும் தமிழுக்கு என்று ஒரு தனித் தலைவலி இருக்கிறது. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகள் இன்னும் புழக்கத்தில் உள்ளன. அவற்றில் திரையில் தெரிவது தமிழ், உள்ளே சேமித்திருப்பது ஆங்கில எழுத்து. பாமினியில் 'அம்மா' என்று அடித்தால் கணினிக்குள் இருப்பது `mk;kh` என்பதுதான். படிக்கும் மென்பொருளுக்கு எழுத்துருவின் அழகு தெரியாது, உள்ளே இருப்பதைத்தான் படிக்கும். ஒரு பார்வையற்ற ஆசிரியர் எனக்கு இதைப் போட்டுக் காட்டினார். இரண்டு பக்க அரசுக் கடிதம் ஒன்று 'எம், கே, ஹெச்' என்று பல்லி கத்துவது போல ஓடியது. அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. யூனிகோடில் அடித்தால் அதே மென்பொருள் தடையில்லாமல் தமிழ் படிக்கும். அரசுப் பயன்பாட்டுக்கு யூனிகோடைத் தமிழ்நாடு 2010-லேயே ஏற்றுக்கொண்டுவிட்டது, ஆக இதற்குப் புதிதாக ஆணை எதுவும் தேவையில்லை.

உங்கள் ஊர்க் கோப்பு எந்த ரகம் என்று கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். அதிலிருந்து ஒரு வரியைத் தேய்த்துத் தேர்ந்தெடுங்கள். தேர்ந்தெடுக்கவே முடியவில்லை என்றால் அது படம். முடிந்தால் அந்த வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டுங்கள். தமிழாகவே விழுந்தால் யூனிகோடு. ஆங்கிலக் கிறுக்கலாக விழுந்தால் பழைய எழுத்துரு.

இனி, யாரிடம் கேட்பது. இங்கே நானே ஒருமுறை தவறியிருக்கிறேன். சட்டத்தின் 23-ஆவது பிரிவில் ஒவ்வோர் அரசு அலுவலகத்திலும் ஒரு குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும், இரண்டு வாரத்தில் விசாரிக்க வேண்டும் என்று இருப்பதைப் படித்துவிட்டு அவர் பெயருக்கு மனு எழுதினேன். கூர்ந்து படித்தால் அந்த ஏற்பாடு 20-ஆவது பிரிவுக்கானது, அதாவது அங்கே வேலை பார்க்கும் மாற்றுத்திறனாளி ஊழியர்களின் குறைகளுக்கு. ஊழியர் யாராவது நாற்காலியில் வருபவராக இருந்தால் அவருக்கு அது நல்ல வழி. வெளியிலிருந்து போகும் நமக்கு அது வழியில்லை.

நமக்கான வழி இரண்டு கட்டமாகப் போகிறது. முதலில் தகவல் உரிமைச் சட்டத்தில், 10 ரூபாய் கட்டணத்தோடு, ஒரே ஒரு கேள்வி. 45-ஆவது பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, அரசும் உள்ளாட்சியும் ஆரம்ப சுகாதார நிலையம், அரசு மருத்துவமனை, பள்ளி, ரயில் நிலையம், பேருந்து நிறுத்தம் போன்ற இடங்களுக்கு முன்னுரிமை வைத்து ஒரு செயல்திட்டம் தயாரித்து வெளியிட வேண்டும் என்கிறது. 'அந்தச் செயல்திட்டத்தின் நகலும், அதில் இந்தக் கட்டடம் வரும் இடமும் வேண்டும்' என்று கேளுங்கள். பதிலுக்கு 30 நாள். திட்டம் இருந்தால் கெடு தெரியும். இல்லை என்று எழுதித் தந்தால் அதுவே உங்கள் அடுத்த மனுவுக்கு முதல் இணைப்பு.

அடுத்த மனு சென்னையில் இருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு. 80-ஆவது பிரிவின் கீழ் அவர் விசாரிக்கலாம். ஆளை வரவழைக்க, ஆவணம் கேட்க உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் அவருக்கு உண்டு. அவர் தருவது பரிந்துரைதான், தீர்ப்பல்ல. அந்த எல்லையைத் தெரிந்துகொண்டே போக வேண்டும். ஆனால் பரிந்துரை போனால் அந்த அலுவலகம் மூன்று மாதத்தில் நடவடிக்கை எடுத்துத் தெரிவிக்க வேண்டும். ஏற்க முடியாது என்றால் காரணத்தை எழுத வேண்டும், அந்தக் காரணம் மனு கொடுத்தவருக்கும் வர வேண்டும். எழுதிய காரணம் கையில் இருந்தால் உயர் நீதிமன்றத்துக்குப் போவது வேறு மாதிரி. அபராதமும் சட்டத்தில் இருக்கிறது, 89-ஆவது பிரிவில்: முதல் தடவை 10,000 ரூபாய் வரை, மறுபடியும் மீறினால் 50,000-இலிருந்து 5 லட்சம் வரை. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுப்பதும் கொடுக்கலாம். ஆனால் அங்கே போகும் மனு சுற்றிச் சுற்றி யாரைப் பற்றிப் புகார் சொன்னோமோ அவர் மேசைக்கே 'தக்க நடவடிக்கைக்காக' வந்து சேர்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மனுவில் 'சாய்தளம் சரியில்லை' என்று எழுதினால் 'சாய்தளம் உள்ளது' என்று பதில் வரும். நாங்கள் இப்படி எழுதினோம்: 'தரை மட்டத்திலிருந்து மேடை உயரம் 30 அங்குலம். சாய்தளத்தின் கிடைமட்ட நீளம் 8 அடி. சரிவு 1-க்கு 3.2. இருக்க வேண்டியது 1-க்கு 12. இடப்பக்கச் சுவரை ஒட்டி 20 அடி நீளம், 9 அடி அகலம் இடம் உள்ளது. வரைபடம் இணைப்பு.' கீழே தேதி, டேப் தெரியும்படி எடுத்த இரண்டு போட்டோ.

ஆறாவது வாரம் ஒரு இளம் பொறியாளர் வந்தார். மனுவைக் கையில் வைத்துக்கொண்டு, மேஸ்திரியை டியூப்பில் தண்ணீர் பிடிக்கச் சொல்லி மட்டம் பார்த்தார். 30 அங்குலம் என்றது 30-ஏ கால் என்று வந்தது. கால் அங்குலத்துக்கு இன்னும் மூணு அங்குல நீளம் கூட்ட வேண்டும் என்று அவரே சொன்னபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவும் நிறைய நிம்மதியாகவும் இருந்தது. சுண்ணாம்புத் தூளால் இடப்பக்கம் கோடு போட்டார்கள். நண்பர் நாற்காலியை அந்தக் கோட்டுக்குள் ஓட்டி, சமதளம் வரும் மூலையில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "போதும் சார்" என்றார். பொறியாளர் உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார்: "இந்த ஒம்பது வண்டிய எங்க நிறுத்தப் போறீங்க?"